இடக்கையால் காப்பர்பிளேட்: மை ஈஷாமல் எழுத காகிதம், பிடி, மை

எழுதி முடித்த சொல்லின் மேல் உள்ளங்கை ஓரம் தேய்ந்து மை ஈஷிவிட்டால், பலரும் முதலில் மையைத்தான் மாற்றுகிறார்கள். சீக்கிரம் காயும் மை கிடைத்தால் போதும் என்று தோன்றும். ஆனால் சரியான வரிசை காகிதம், கை, மை என்பதுதான். கை எழுத்து வரிக்குக் கீழே நின்றுவிட்டால், ஐந்து நிமிடம் ஈரமாக இருக்கும் மையைக்கூட அது தொடாது. கை வரியின் மேலேயே இருந்தால், எவ்வளவு வேகமாகக் காயும் மையும் தடித்த கோடுகளில் உங்களைக் கைவிடும்.

இந்த வழிகாட்டி கூர்முனை நிப்பால் எழுதும் காப்பர்பிளேட் என்ற ஆங்கில அழகெழுத்துப் பாணிக்கானது. இடக்கைக்காரர்களுக்கு இயல்பாகவே வசதியான பாணி இது. காப்பர்பிளேட் எழுத்துகள் அடிக்கோட்டிலிருந்து சுமார் 55 பாகையில் வலப்பக்கம் சாய்ந்திருக்கும். நிப்பின் நடுப்பிளவு அந்தச் சாய்வோடு ஒரே கோட்டில் இருந்தால்தான், அழுத்தும்போது இரு பற்களும் சமமாக விரியும். வலக்கைக்காரர்களின் நிப் இயல்பாக இடப்பக்கம் மேலே பார்ப்பதால், அதைத் திருப்பிவிட அவர்களுக்குச் சாய்வு ஹோல்டர் தேவைப்படுகிறது. இடக்கையில் பிடித்த பேனா தானாகவே வலப்பக்கம் மேலே பார்க்கும். எனவே உங்களுக்குச் சாதாரண நேர் ஹோல்டரே போதும். கடையில் கிடைக்கும் சாய்வு ஹோல்டர்களில் பெரும்பாலானவை வலக்கைக்கு ஏற்றபடி, உலோகத் தகடு இடப்பக்கம் நீட்டியிருக்கும்படி செய்தவை. அவற்றை வாங்க வேண்டாம். தொடக்கத்துக்கு நிக்கோ ஜி நிப் நல்லது. அது சற்று விறைப்பானது என்பதால் கை தடுமாறினாலும் காகிதத்தைக் கிழிக்காது.

முதலில்: உங்கள் கை எங்கே நிற்கிறது?

பேனாவை எடுத்து வழக்கம்போல ஒரு வரி எழுதிப் பாருங்கள். இடக்கைக்காரர்களில் மூன்று வகை உண்டு. சிலருடைய கை வரிக்குக் கீழே நிற்கும். சிலருக்கு வரியின் மேலேயே, எழுத்துக்கு இடப்பக்கம் நிற்கும். இன்னும் சிலர் மணிக்கட்டைக் கொக்கிபோல் வளைத்து, வரிக்கு மேலிருந்து எழுதுவார்கள்.

கண்ணால் பார்த்து இதை முடிவு செய்வது கடினம், ஏனென்றால் கை நகர்ந்துகொண்டே இருக்கும். அதற்கு எளிய சோதனை ஒன்று இருக்கிறது. ஒரு தாளில் அடிக்கோடு போட்டு, எழுத்து வரும் பகுதியில் நீலச் சாக்கட்டியைப் பக்கவாட்டில் வைத்துத் தேய்த்து இரண்டு சென்டிமீட்டர் அகலப் பட்டை ஒன்று போடுங்கள். அதற்குக் கீழே, சிவப்புச் சாக்கட்டியால் ஆறு, ஏழு சென்டிமீட்டருக்கு இன்னொரு பட்டை. மை தொடாத பேனாவால் அடிக்கோட்டின் மேல் ஒரு முழு வரி எழுதுங்கள். பிறகு உள்ளங்கை ஓரத்தையும் சுண்டுவிரலையும் பாருங்கள். சிவப்பு மட்டும் ஒட்டியிருந்தால் கை சரியான இடத்தில் இருக்கிறது. நீலம் எங்கே ஒட்டியிருக்கிறதோ அந்த இடம்தான் ஈஷுகிறது. கீழே சொல்லப்போகும் ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் இதே சோதனையைச் செய்து பாருங்கள்.

கொக்கிப் பிடி உள்ளவர்களுக்குக் கூர்முனை நிப் விஷயத்தில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. அவர்கள் பிடிக்கும்போது நிப் உடலை நோக்கிப் பார்க்கிறது. கீழ்நோக்கிய கோட்டில்தான் அழுத்தம் கொடுக்க வேண்டும், ஆனால் அந்தக் கோட்டில் அவர்களுடைய நிப் முன்னோக்கித் தள்ளப்படுகிறது. தள்ளிக்கொண்டே அழுத்தினால் முனை காகிதத்தில் குத்தி நிற்கும், மை தெறிக்கும். இதற்குக் காகிதத்தைத் திருப்பி மட்டும் தீர்வு காண முடியாது. அவர்கள் இந்த எழுத்துக்கு மட்டும் கையை வரிக்குக் கீழே கொண்டுவரப் பழகுவதே நல்லது. அன்றாடக் கையெழுத்தை மாற்ற வேண்டியதில்லை. காப்பர்பிளேட் ஒவ்வொரு கோடாக மெதுவாக வரைவது என்பதால், புதிய பிடியை அதற்கென்று தனியாகக் கற்றுக்கொள்ள முடியும்.

காகிதத்தைத் திருப்புதல்

தாளைக் கடிகாரம் சுற்றும் திசையில் திருப்ப வேண்டும். அப்போது அடிக்கோடு இடமிருந்து வலமாகச் செல்கையில் உங்களை நோக்கிச் சற்று இறங்கும். எழுதி முடித்த சொற்கள் மேலே இடப்பக்கம் விலகிப்போகும், கை கீழே தங்கும்.

எவ்வளவு திருப்புவது? 20 பாகையில் தொடங்குங்கள். பாகைமானி வேண்டாம். நீளவாக்கில் வைத்த ஏ4 தாளைத் திருப்பிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் அதன் மேல் இட மூலையும் கீழ் வல மூலையும் உங்களுக்கு நேர் எதிரே ஒரே செங்குத்துக் கோட்டில் வந்து நிற்கும். அது சுமார் 35 பாகை. அதில் பாதிக்குக் கொஞ்சம் அதிகமாகத் திருப்பினால் 20 பாகை கிடைத்துவிடும். 35 பாகையை மேல் வரம்பாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் மேலே போனால் கை இன்னும் விலகும் என்பது உண்மைதான். ஆனால் 55 பாகைச் சாய்வுக்கோடு மேசை விளிம்புக்கு ஏறக்குறைய இணையாகப் படுத்துவிடும். தடித்த கோட்டை நீங்கள் முழங்கையை நோக்கி இழுக்காமல் பக்கவாட்டில் இழுக்க வேண்டி வரும், அதனால் கோடு நடுங்கும்.

தாளை உடலின் நடுவில் வைக்காமல் இடத்தோளுக்கு எதிரே தள்ளி வையுங்கள். நடுவில் வைத்தால் முழங்கை விலாவோடு ஒட்டி, மணிக்கட்டு வளைந்து, கை வரிமேல் ஏறிவிடும்.

இப்போது நுணுக்கமான பகுதி. தாளில் 55 பாகைச் சாய்வுக்கோடுகளைப் பென்சிலால் போட்டுக்கொண்டு, நிப்பை ஒரு கோட்டின் மேல் வைத்து, நடுப்பிளவைக் கவனியுங்கள். பிளவு அந்தக் கோட்டின் மேலேயே படிந்திருக்க வேண்டும். கோட்டைவிட நிப் அதிகம் நிமிர்ந்து பார்த்தால், காகிதத்தைத் தொடாமல் முழங்கையை உடலிலிருந்து வெளியே நகர்த்துங்கள். நிப் தானாகப் படியும். இந்த இடத்தில் பலர் தாளை எதிர்த்திசையில் திருப்பிவிடுகிறார்கள். பிளவு பொருந்திவிடும், ஆனால் கை மறுபடி வரியின் பக்கம் வந்துவிடும். நிப் கோட்டைவிட அதிகம் படுத்திருந்தால் மட்டும் தாளைக் கடிகாரத் திசையில் இன்னும் சில பாகை திருப்புங்கள். அப்போது பிளவும் பொருந்தும், கையும் மேலும் விலகும்.

பொருத்தம் சரிதானா என்று மையே சொல்லிவிடும். ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு ஐந்து தடித்த கோடுகளை இழுத்துப் பாருங்கள். இரு ஓரங்களும் வழவழப்பாக இருந்தால் சரி. ஒரு ஓரம் வழவழப்பாகவும் மறு ஓரம் ரம்பப் பல்போலவும் இருந்தால் ஒரு பல் மட்டும்தான் வேலை செய்கிறது. அப்படிப்பட்ட கோட்டில் மை சமமாகப் பரவாமல் ஒரு பக்கம் திரண்டு நிற்கும், திரண்ட இடம் காய நேரம் எடுக்கும். இப்படித்தான் கோணப் பிழை ஈஷும் பிழையாகவும் மாறுகிறது.

நல்ல கோணம் கிடைத்ததும் மேசையில் தாளின் இட ஓரத்தை ஒட்டி ஒரு மாஸ்கிங் டேப் துண்டு ஒட்டிவையுங்கள், அடுத்த முறை தேட வேண்டியதில்லை. வரி நீளும்போது கையை வலப்பக்கம் கொண்டுபோகாதீர்கள். ஒவ்வொரு நான்கைந்து சென்டிமீட்டருக்கும் வலக்கையால் தாளை அந்த டேப்பின் கோணம் மாறாமல் அடிக்கோட்டின் வழியே மேலே இடப்பக்கம் இழுத்துவிடுங்கள். நிப் எப்போதும் மேசையின் ஒரே இடத்தில் எழுத வேண்டும். கை நகர்ந்தால் முழங்கையின் கோணமும் மாறும், வரியின் கடைசிச் சொல் முதல் சொல்லைவிட வேறு சாய்வில் நிற்கும்.

பிடி

கட்டைவிரல், ஆள்காட்டிவிரல், நடுவிரல் மூன்றாலும் பிடியுங்கள். விரல்கள் நிப் முனையிலிருந்து மூன்று சென்டிமீட்டர் பின்னால் இருக்கட்டும். முனையை ஒட்டிப் பிடித்தால் கை முழுவதும் ஈரக் கோட்டுக்கு அருகில் வந்துவிடும், விரலில் மையும் ஒட்டும். மணிக்கட்டு நேராக இருக்க வேண்டும். முன்கையும் புறங்கையும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று ஒரு அளவுகோலை மேலே வைத்துப் பார்க்கலாம். சுண்டுவிரலின் பக்கவாட்டும் மோதிரவிரலின் நகப்பக்கமும் மட்டும் தாளில் சறுக்கட்டும். ஹோல்டர் தாளிலிருந்து 45 பாகை அளவுக்கு எழும்பியிருக்கட்டும். அதிகம் செங்குத்தாக இருந்தால் மேல்நோக்கிய மெல்லிய கோட்டில் முனை நாரில் மாட்டும். மாட்டி விடுபடும் நொடியில் தெறிக்கும் சிறு துளிகளைத்தான் பிறகு கை தேய்க்கிறது.

கீழே நிற்கும் கைக்கு இரண்டு புதிய ஆபத்துகள் உண்டு, இவற்றைப் பற்றிப் பெரும்பாலும் யாரும் எச்சரிப்பதில்லை.

ஒன்று, அடிக்கோட்டுக்குக் கீழே இறங்கும் எழுத்துகள். ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் ஜி, ஜே, ஒய் போன்றவற்றின் வால் கை இருக்கும் பக்கமே இறங்குகிறது. சிறிய எழுத்தின் உயரம் ஆறு மில்லிமீட்டர் என்றால் வால் ஒன்பது முதல் பன்னிரண்டு மில்லிமீட்டர் வரை இறங்கும், அதுவும் தடித்த கோடாக. ஆகவே சுண்டுவிரல் அடிக்கோட்டிலிருந்து குறைந்தது இரண்டரை சென்டிமீட்டர் கீழே இருக்க வேண்டும். விரல்கள் மூன்று சென்டிமீட்டர் பின்னால் இருக்க வேண்டும் என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டு, இனி எழுதப்போகும் வெற்று இடத்தில் கை படிவது. கையின் வியர்வையும் எண்ணெய்ப் பசையும் அங்கே இறங்கினால், அடுத்த வரி எழுதும்போது மை சில இடங்களில் பிடிக்காமல் ஒதுங்கும், சில இடங்களில் நாராகப் பரவும். எனவே கைக்குக் கீழே எப்போதும் ஒரு காப்புத் தாள் இருக்கட்டும். தடித்த தாள் ஒன்றை நான்காக மடித்து, அதன் மேல் விளிம்பு அடிக்கோட்டுக்கு ஒன்றரை சென்டிமீட்டர் கீழே வரும்படி வையுங்கள். அதை ஒருபோதும் இழுத்து நகர்த்தாதீர்கள். தூக்கி எடுத்து, மறுபடி வையுங்கள். இழுத்தால் அதன் விளிம்பே ஏதாவது ஒரு வாலை ஈஷிவிடும்.

மை

மை இரண்டு வழிகளில் காய்கிறது. நீர் ஆவியாகிறது, காகிதத்துக்குள்ளும் இறங்குகிறது. மெல்லிய கோடுகள் சில நொடிகளில் காய்ந்துவிடும். தடித்த கோட்டில் மை மேடாக நிற்பதால் அது காயும் நேரம்தான் உண்மையான கணக்கு. புட்டியில் ‘சீக்கிரம் காயும்’ என்று எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். நீங்கள் எழுதப்போகும் அதே காகிதத்தில், அதே நிப்பால் சோதியுங்கள். ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் ஆறு கோடுகளை வரிசையாக, ஒரே அளவு மையோடு இழுங்கள். பத்து நொடி, இருபது, நாற்பது, ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், நான்கு நிமிடம் என்று ஒவ்வொரு கோட்டையும் டிஷ்யூ சுற்றிய விரலால் ஒருமுறை பக்கவாட்டில் துடையுங்கள். எந்தக் கோட்டில் டிஷ்யூ சுத்தமாக வருகிறதோ அதுதான் அந்த மைக்கும் காகிதத்துக்கும் உரிய நேரம். புட்டியின் மேல் அந்தக் காகிதத்தின் பெயரோடு எழுதி வையுங்கள்.

இடக்கையில் தொடங்குபவருக்கு நாங்கள் முதலில் சொல்வது அயர்ன் கால் மை. அது நீர்த்திருக்கும், காகிதத்துக்குள் இறங்கிவிடும், மேடாக நிற்காது, மெல்லிய கோடும் அழகாக வரும். எழுதும்போது வெளிறித் தெரிந்து, காற்றுப்பட்டுக் கறுக்கும். அதன் குறை, அமிலத்தன்மையால் நிப்பை அரிப்பது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிப்பைத் தண்ணீரில் கழுவித் துடைக்க வேண்டும், அப்படிச் செய்தாலும் நிப் மற்ற மைகளில் உழைக்கும் அளவுக்கு உழைக்காது.

புட்டியில் வரும் சுமி மை அடர்த்தியான கறுப்பு, ஆனால் தடிப்பானது. அப்படியே எழுதினால் தடித்த கோடு பளபளவென்று மேடாக நின்று நெடுநேரம் ஈரமாக இருக்கும். சிறு குப்பியில் பத்துத் துளி சுமிக்கு இரண்டு துளி காய்ச்சி வடித்த நீர் சேர்த்துத் தொடங்கி, மெல்லிய கோடு தடையில்லாமல் வரும்வரை ஒவ்வொரு துளியாகக் கூட்டுங்கள். மெல்லிய கோட்டின் ஓரம் நாராகப் பிரியத் தொடங்கினால் நீர் அதிகமாகிவிட்டது, ஒரு துளி சுமி சேருங்கள்.

வீட்டில் இருக்கும் சாதாரண ஃபவுண்டன் பேனா மை இந்த நிப்பில் நிற்காது. மிகவும் நீர்த்திருப்பதால் முதல் அழுத்தத்திலேயே பொட்டென்று விழும். ஐந்து மில்லி மையில் இரண்டு துளி திரவ கம் அரபிக் கலந்தால் நிப்பில் பிடித்து நிற்கும். அதற்கு மேல் பசை சேர்க்கக் கூடாது. கம் அரபிக் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் பொருள். வடகிழக்குப் பருவமழை மாதங்களில், அதுவும் கடலோர ஊர்களில், பசை கூடிய மை காய்ந்ததுபோலத் தெரிந்தாலும் விரல் வைத்தால் பிசுக்கென்று ஒட்டும். தங்க, வெள்ளி நிறக் கட்டி வண்ணங்களிலும் இதே பசைதான் இருக்கிறது. அவை காய்ந்த பிறகும் தேய்த்தால் உதிரும் என்பதால், இடக்கைக்காரர்கள் அவற்றைக் காப்புத் தாள் இல்லாமல் தொடவே வேண்டாம்.

எந்த மையானாலும், நிப்பில் எவ்வளவு எடுக்கிறீர்கள் என்பது மையின் வகையைவிட முக்கியம். நிப்பின் நடுவிலுள்ள துளையின் பாதிவரை தோய்த்து, நிப்பின் அடிப்பக்கத்தைப் புட்டி வாயில் ஒருமுறை தொட்டு எடுங்கள். புதிய நிப் என்றால் தோய்ப்பதற்கு முன் பாத்திரம் தேய்க்கும் சோப்பு நீரில் கழுவித் துடைக்க வேண்டும். துருப்பிடிக்காமலிருக்க அதில் பூசியிருக்கும் எண்ணெய் போகாவிட்டால் மை பரவாமல் முத்து முத்தாகத் திரண்டு, தாளில் சொட்டாக இறங்கும்.

காகிதம் அதிகம் உறிஞ்சினால் மை பரவும், அதிகம் வழவழப்பாக இருந்தால் மை மேலேயே நிற்கும். பயிற்சிக்கு 100 ஜிஎஸ்எம் லேசர் பிரிண்டர் தாள் நடுவாக இருக்கும். ரோடியா போன்ற வழவழத் தாளில் கோடு கூர்மையாக வரும், ஆனால் காயும் நேரம் கூடும், சோதனையை மறுபடி செய்யுங்கள். ஒற்றுத்தாளால் தடித்த கோட்டை ஒற்றாதீர்கள், நிறம் வெளிறித் திட்டாகிவிடும். மின்விசிறியின் நேர் கீழே உட்கார்ந்தால் தாளிலிருப்பதற்கு முன் நிப்பிலிருக்கும் மை காய்ந்து கோடு விட்டுவிட்டு வரும். எழுதும்போது விசிறியைக் குறைத்து, எழுதி முடித்தபின் கூட்டுங்கள்.

ஒரு உறையில் செய்து பார்ப்போம்

திருமண அழைப்பிதழ் உறையில் ‘காயத்ரி’ என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். சிறிய எழுத்து உயரம் ஆறு மில்லிமீட்டர், மை அயர்ன் கால். உறை சிறியது என்பதால் அதை ஒரு ஏ4 அட்டையின் நடுவில் டேப்பால் ஒட்டி, அட்டையை 20 பாகை திருப்புங்கள். தாளை நகர்த்துவதும் கோணத்தைக் காப்பதும் அப்போதுதான் எளிது. காப்புத் தாள் அடிக்கோட்டுக்கு ஒன்றரை சென்டிமீட்டர் கீழே இருக்கட்டும்.

தொடக்கப் பெரிய ஜி எழுத்தில் நீளமான தடித்த வளைவு வரும், பெயரிலேயே அதிக மை நிற்கும் இடம் அது. கை கீழே இருப்பதால் அதைக் காயவிட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை, அடுத்த ஏ எழுத்துக்குப் போகலாம். மூன்றாவதாக வரும் ஒய்தான் கவனிக்க வேண்டியது. அதன் வாலை இழுக்கும் முன் நிறுத்தி, சுண்டுவிரல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வால் முடிந்து மெல்லிய கோடு மேலேறியதும் கையைத் தூக்குங்கள். அட்டையை ஒரு எழுத்து அகலம் மேலே இடப்பக்கம் இழுத்து, காப்புத் தாளைத் தூக்கி மறுபடி வைத்து, பிறகுதான் அடுத்த ஏ. வாலின் ஈரத்துக்குப் பக்கத்தில் கையைத் தாளோடு சறுக்கவிடுவதுதான் இந்தப் பெயரில் நிகழக்கூடிய ஒரே ஈஷல்.

டி எழுத்தின் குறுக்குக்கோட்டையும் ஐ எழுத்தின் புள்ளியையும் கடைசியில் போடுங்கள். குறுக்குக்கோட்டை வலமிருந்து இடமாக இழுங்கள். இடக்கை நிப் வலப்பக்கம் மேலே பார்ப்பதால், இடமிருந்து வலமாகப் போனால் முனை தள்ளப்பட்டு நாரில் மாட்டும், இழுத்தால் வழுக்கிக்கொண்டு வரும். புள்ளி சிறியதாகத் தெரிந்தாலும் அகலத்துக்கு அதிகமான மை அதில் நிற்கும். அதனால் காயும் நேரத்தைப் புள்ளி போட்ட நொடியிலிருந்து எண்ணுங்கள். அடுத்த வரி முகவரியை எழுதும்போது கை இன்னும் கீழே இறங்கியிருக்கும், பெயரின் பக்கம் போகாது.

பென்சில் கோடுகளை அன்றே அழிக்காதீர்கள். மேலே காய்ந்திருந்தாலும் ரப்பர் உரசும்போது தடித்த கோட்டின் ஓரம் சாம்பலாக இழுபடும். மறுநாள், மென்மையான ரப்பரால், சாய்வுக்கோட்டின் திசையிலேயே மேலிருந்து கீழாக மட்டும் தேய்த்து எடுங்கள்.

பட்டை நிப்பால் எழுதும் இத்தாலிக் போன்ற பாணிகளுக்கு இதே கோணம் பொருந்தாது. அங்கே தடிப்பும் மெலிவும் அழுத்தத்தால் வருவதில்லை, நிப் விளிம்பின் கோணத்தால் வருகின்றன, இடக்கையில் அந்த விளிம்பு எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடும். அதற்கென்று முனை சாய்வாக வெட்டப்பட்ட இடக்கை நிப்களை மிட்செல், மேனுஸ்கிரிப்ட் போன்ற நிறுவனங்கள் செய்கின்றன. அவை இல்லையென்றால் தாளை இங்கே சொன்னதைவிட மிக அதிகமாக, 90 பாகையை நெருங்கும்வரைகூடத் திருப்ப வேண்டியிருக்கும். சாக்கட்டிச் சோதனையும், காயும் நேரச் சோதனையும், தூக்கி வைக்கும் காப்புத் தாளும் அங்கேயும் அப்படியே உதவும்.